பழுப்பு ஃபில்டர் தாளில் காபி அட்டைப்பெட்டி வாசம் அடிக்கிறது

"வெள்ளைத் தாளில் ப்ளீச் இருக்கும்னு பழுப்பு வாங்கினேன். வி60 என்ற கூம்பு டிரிப்பர் 01 அளவு, தாள் 02 அளவு. காபியில் அட்டை வாசம். எதை மாற்றணும்?"

வாசம் தாளிலிருந்துதான் வருகிறது. மரக்கூழை வெளுக்கும்போது அதில் மிஞ்சியிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் பெரும்பாலும் போய்விடும். பழுப்புத் தாளில் அது தங்கிவிடுகிறது. சோதித்துப் பார்க்க, ஒரு தாளைக் கோப்பையில் போட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து அந்தத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். ஈர அட்டையின் சுவை நன்றாகவே தெரியும். வெள்ளைத் தாளில் அது மிகக் குறைவு.

கையில் இருப்பதை வீணாக்க வேண்டாம். தையல் ஓரத்தை மடித்து டிரிப்பரில் வைத்து, 150 மில்லி கொதிநீரைச் சுற்றிலும் ஊற்றுங்கள். கீழே இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் காபித்தூள் போடுங்கள். அடுத்த முறை வெள்ளையே வாங்குங்கள்.

ப்ளீச் பயம் பழைய கதை. 1980களில் குளோரின் வாயுவால் வெளுத்த தாளில் டயாக்சின் என்ற நச்சுப்பொருள் இருப்பது தெரியவந்தது. இப்போது ஆக்சிஜன் முறையோ குளோரின் டையாக்சைடோதான் பெரும்பாலும் பயன்படுகிறது. உடம்புக்கு உண்மையில் முக்கியமானது வேறு: கெட்ட கொழுப்பைக் கூட்டும் காஃபெஸ்டால் என்ற காபி எண்ணெய்ப் பொருளைத் தாள் பிடித்துக்கொள்ளும். இதில் வெள்ளை, பழுப்பு பேதமில்லை.

அளவையும் மாற்றுங்கள். 01 டிரிப்பரில் 02 தாள் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கழுவும்போது அந்தப் பகுதி சரியாக நனையாது, ஊற்றும்போது உள்ளே சாயும். 01 தாளே சரி.