அசை போடாத மாடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பகலில் எங்கள் மாடு அசை போடுவதைக் காண முடியவில்லை. நோயாக இருக்குமா? (பட்டுக்கோட்டை)

நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடும் மாடு, அதில் பெரும்பகுதியை இரவில் படுத்தபடியே முடித்துக்கொள்ளும். தீனியும் பாலும் குறையவில்லையென்றால் இரவில் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள்.

மாடு அசை போடவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்? (திருத்துறைப்பூண்டி)

என்ன தின்றது, ஈன்று எத்தனை நாளாயிற்று, சாணம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதாமல் மருந்து மட்டும் கேட்டால் எதைச் சொல்வது? காய்ச்சல், மடிநோய், வலி என எதனாலும் அசை நிற்கும். இடது பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். நலமான மாட்டின் வயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை கையை மெல்லத் தள்ளும். அந்த அசைவே இல்லாமல், விரல் அழுத்திய குழி அப்படியே நின்றால் தீனி தேங்கியிருக்கிறது. பள்ளம் மேடாகி, தட்டினால் மத்தளமாக ஒலித்தால் உப்புசம். அப்படியிருந்தால் மருத்துவரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது. ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 103ஐத் தாண்டினால் காய்ச்சல்.

கல்யாண வீட்டில் மீந்த சோற்றை ஓர் அண்டா நிறைய வைத்தோம். மறுநாள் அசை இல்லை. புளித்த வாடையுடன் தண்ணீராகக் கழிகிறது. எண்ணெய் புகட்டலாமா? (கும்பகோணம்)

வைகாசி முகூர்த்தம் வந்தால் இதே கடிதம் வருகிறது. வீணாகிறதே என்று மாட்டுக்குக் கொட்டுகிறோம். வைக்கோலும் புல்லும் செரித்துப் பழகிய பெருவயிற்றில் சோறு சில மணி நேரத்தில் புளித்து அமிலமாகி, நார் செரிக்கும் நுண்ணுயிர்களை அழித்துவிடுகிறது. அமிலம் உடம்பின் நீரை வயிற்றுக்குள் இழுப்பதால், இடது வயிற்றைக் குலுக்கினால் தண்ணீர் சளசளக்கும். கண் குழிந்து, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே மறையாமல் நிற்கும். நீங்கள் சொல்லும் நிலை அதுதான். எண்ணெய் நுரை உப்புசத்துக்கு உதவும், அமிலத்தை முறிக்காது. தின்ற சில மணி நேரத்துக்குள், மாடு தானாக நின்று நன்றாக விழுங்கும்போது, சுமார் 100 கிராம் ஆப்பச்சோடாவை ஒரு லிட்டர் நீரில் கரைத்து மெல்லப் புகட்டி, வைக்கோல் மட்டும் போடலாம். கழிச்சல் கண்டபின் அது போதாது. நரம்பு வழியே நீர் ஏற்ற வேண்டும், சிலவற்றுக்கு வயிற்றையே காலி செய்ய வேண்டும். கால்நடை மருத்துவ உதவி எண் 1962ஐ அழையுங்கள். நாக்கை இழுத்துப் பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றாதீர்கள்: நுரையீரலுக்குள் போன மருந்தைத் திரும்ப எடுக்க எந்த மருத்துவராலும் முடியாது. பிழைத்த மாடு சில வாரம் கழித்து நொண்டினால் குளம்பைக் காட்டுங்கள்; அதுவும் இதே சோற்றின் விளைவாக இருக்கலாம்.

நேற்று ஈன்ற மாடு கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்திருக்கிறது. காது சில்லென்றிருக்கிறது, அசையும் இல்லை. (திருவையாறு)

பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்கும் திறன் குறைந்திருக்கும். ஒருபுறம் சாய்ந்துவிடாமல் வைக்கோல் மூட்டைகளை இருபுறமும் அணைகொடுத்து, நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள். கால்சியத்தை மருத்துவரே நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.