டிஎம்டி 'பாசிட்டிவ்' என்றால் டாக்டரிடம் என்ன கேட்பது?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு 51 வயது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று போனதில் டிஎம்டி என்கிற டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார்கள். 'பாசிட்டிவ்' என்று எழுதி ஆஞ்சியோ செய்யச் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஏழெட்டுப் பக்கம் கோடும் கட்டமுமாக இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. டாக்டர் அறையில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. என்ன கேட்பது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அடைப்பு வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த வேலைக்கே அடிக்கடி வந்தாலோ, எந்தத் தாளையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்படி இல்லையென்றால் நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது. தாள்களைப் பார்க்காமல் ஆஞ்சியோ வேண்டும், வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது. என்னிடம் வந்த ஒரு டாக்சி ஓட்டுநரின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மதுரைக்காரர், 48 வயது, சொந்த வண்டி. கொடைக்கானல், ராமேஸ்வரம் என்று வெளியூர்ச் சவாரி. பயணிகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாட்ஜ் மாடி ஏறினால் நெஞ்சுக்கு நடுவில் இறுகும். நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். ஓரிடத்தில் டிஎம்டி எடுத்து, 'பாசிட்டிவ், ஆஞ்சியோ செய்யவும்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஒரே படம், முதல் பக்கம் மட்டும், பாதியில் ஸ்டீயரிங் நிழல். கூடவே ஒரு குரல் பதிவு: "சார், வண்டிக்கு இன்னும் டியூ இருக்கு. செஞ்சுதான் ஆகணுமா?"

முதல் பக்கத்தில் இருப்பது முடிவு மட்டும். அந்த முடிவு எதிலிருந்து வந்தது என்பது பின்னால் உள்ள பக்கங்களில் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டேன். அவர் அதற்குள் தாள்களை லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோக இருந்தார். நல்லவேளை, போகவில்லை. பல இடங்களில் ஈசிஜி, டிஎம்டி தாள்கள் சூட்டில் கறுக்கும் தெர்மல் காகிதத்தில் வருகின்றன. லேமினேஷன் சூட்டில் மொத்தமாகக் கறுத்துவிடும். வெயிலில் காரின் டேஷ்போர்டிலேயே கிடந்தாலும் கெட்டுப்போகும். அதனால் கையில் கிடைத்த அன்றே போட்டோ எடுத்துவிடுவது நல்லது. மேசையில் தட்டையாக விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, ஒரு படத்துக்கு ஒரு பக்கம். சின்னக் கட்டங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தக் கட்டம்தான் எங்களுக்கு ஸ்கேல்: வழக்கமான அளவில் அச்சாகியிருந்தால் உயரத்தில் ஒரு சின்னக் கட்டம் 1 மில்லிமீட்டர். கட்டம் தெரிந்தால் படம் பெரிதானாலும் சிறிதானாலும் அளந்துவிடலாம். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் படம் மங்காது.

அடுத்த வாரம் கிளினிக்குக்கு வந்தார். படங்களைப் பெரிதாக்கி இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம்.

பரீட்சை 'புரூஸ்' முறையில் நடந்திருந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை டிரெட்மில்லின் வேகமும் சரிவும் கூடும் முறை அது. அவர் 7 நிமிடம் நடந்திருந்தார், அதாவது மூன்றாம் கட்டத்தின் தொடக்கம். எதனால் நிறுத்தினார்கள் என்று கேட்டேன். "கால் கடுத்துப்போச்சு சார். நெஞ்சு ஒண்ணும் பண்ணல." இது தாளில் எங்குமே இல்லை. நெஞ்சு வலித்து நிறுத்துவதற்கும் கால் வலித்து நிறுத்துவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நடந்தவர் வாய் திறந்து சொன்னால்தான் அது எங்களுக்குத் தெரியும்.

அடுத்து நாடித்துடிப்பு. 220-லிருந்து வயதைக் கழித்தால் அவருக்கு 172. அதில் 85 சதவீதம், சுமார் 146, எட்டவேண்டிய இலக்கு. அவர் எட்டியது 139. ஏன் ஏறவில்லை? பிபிக்காக மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார், அன்று காலையிலும் போட்டிருக்கிறார். துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை அது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இலக்கை எட்டாத பரீட்சையில் 'நெகட்டிவ்' என்று வந்தால் அதை முழுதாக நம்ப முடியாது. 'பாசிட்டிவ்' என்று வந்தால், எட்டவில்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடவும் முடியாது. (இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி கூடலாம்.)

பிறகுதான் முக்கியமான இடம். ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் பெரிய முள்ளுக்குப் பிறகு ஒரு சமமான கோடு வரும். அதை ST என்கிறோம். நடக்கும்போது இதயத் தசைக்கு ரத்தம் பற்றாவிட்டால் அந்தக் கோடு கீழே இறங்கும். 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கி, படுக்கைவாட்டில் நீண்டாலோ இன்னும் கீழே சரிந்தாலோ அதைப் 'பாசிட்டிவ்' என்பார்கள். இறங்கிய கோடு உடனே மேல்நோக்கி ஏறினால் அதற்கு அவ்வளவு மதிப்பில்லை. வேகமாக நடக்கும் நல்ல இதயத்திலும் அப்படி வரும்.

உடம்பில் ஒட்டிய பட்டைகள் மூலம் இதயத்தை ஒவ்வொரு கோணத்திலிருந்து பார்க்கும் கோட்டுக்கு லீடு என்று பெயர். இவருடைய அட்டவணையில் உச்ச நடையின்போது II, III, aVF என்ற மூன்று லீடுகளில் மிஷின் 2 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கம் காட்டியிருந்தது. 'பாசிட்டிவ்' அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் மிஷின் பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரியாக்கி, அழகான ஒரு துடிப்பாக வரைந்து, அதை அளக்கிறது. பக்கத்தில் இருந்த அசல் கோட்டைப் பார்த்தால் அலை மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. மூச்சு இரைப்பு, உடம்பு ஆட்டம், வியர்வையில் ஒட்டாத பட்டை, எல்லாம் சேர்ந்த ஆட்டம். அதில் எடுத்த அளவை நான் நம்பவில்லை. அந்த மூன்று லீடுகளில் மட்டும் தெரியும் இறக்கம் பொய்யாகப் போவது அடிக்கடி நடப்பதுதான்.

"அப்ப ஒண்ணும் இல்லையா சார்?" முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

அடுத்த பக்கத்தைக் காட்டினேன். நடை நின்று ஓய்வெடுக்கும் 'ரெகவரி' பக்கம். பெரும்பாலானவர்கள் போட்டோவில் விட்டுவிடுகிற பக்கமும் இதுதான். நடை நின்றதால் கோடு ஆடாமல் தெளிவாக இருந்தது. அங்கே V4, V5, V6 என்ற மூன்று லீடுகளிலும் ஒரு சின்னக் கட்டம், அதாவது 1 மில்லிமீட்டர், இறங்கி, படுக்கைவாட்டில் நீண்டிருந்தது. மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு பழையபடி ஆகிவிட்டது. இது உண்மையான மாற்றம். ஆக, தாளில் எழுதியிருந்த முடிவு சரி, அதற்கு மிஷின் காட்டிய காரணம்தான் தவறு.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு 'டியூக்' மதிப்பெண் என்று ஒரு கணக்கு உண்டு. நடந்த நிமிடத்திலிருந்து, ST இறங்கிய மில்லிமீட்டரை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். நடையில் நெஞ்சுவலி வந்திருந்தால் இன்னும் 4, வலியால் நிறுத்த நேர்ந்திருந்தால் 8 கழிக்க வேண்டும். இவருக்கு 7-லிருந்து 5 போக 2. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் ஆபத்து குறைவு. மைனஸ் 11-ம் அதற்குக் கீழும் என்றால் அதிகம். இவர் நடுவில். முதல் மூன்று நிமிடத்திலேயே கோடு இறங்கியிருந்தாலோ, நடக்க நடக்க ரத்த அழுத்தம் கீழே போயிருந்தாலோ, ஓய்வில் ஐந்து நிமிடத்துக்கு மேலும் கோடு மேலே வராமல் இருந்திருந்தாலோ நானே அவரைச் சீக்கிரமாக ஆஞ்சியோவுக்கு அனுப்பியிருப்பேன்.

பையிலிருந்து டிரிப் ஷீட்டை எடுத்து, அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார். ஆஞ்சியோ சொன்ன டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்பதற்கு. அவர் எழுதியவை, அவருடைய வார்த்தையில்: "எந்த லீடுல, எத்தனை மில்லிமீட்டர், எப்ப இறங்குச்சு, எப்ப சரியாச்சு? மிஷின் சொன்னதா, நீங்க கோட்டைப் பாத்துச் சொன்னதா? காலைல மெட்டோப்ரோலால் போட்டிருந்தேன், அது கணக்குல வந்துச்சா? அடுத்த டெஸ்ட்டுல என்ன வந்தா வைத்தியம் மாறும்?"

கடைசிக் கேள்வியை நான்தான் எழுதச் சொன்னேன். ஆஞ்சியோ என்பது இதயக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கான பரிசோதனை. ஆனால் அந்த மேசையில் படுத்தபடியே "அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைத்துவிடலாமா?" என்று கேட்டால் யாராலும் யோசிக்க முடியாது. 2020-ல் வெளியான 'இஸ்கீமியா' என்ற ஆய்வில், டிரெட்மில் போன்ற பரிசோதனைகளில் ரத்தக் குறைவு கணிசமாகத் தெரிந்த, நிலையாக இருந்த 5,179 பேரைப் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே ஆஞ்சியோ செய்து ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், முதலில் மாத்திரையோடு கவனித்தவர்களுக்கும் உயிரிழப்பிலும் மாரடைப்பிலும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நெஞ்சுவலி அடிக்கடி வந்தவர்களுக்கு, முதல் வழியில் வலி கூடுதலாகக் குறைந்தது. இடப்பக்க முதன்மைக் குழாயில் அடைப்பு இருந்தவர்களையும், இதயம் மிகவும் பலவீனமாக இருந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்கள் கதை வேறு. எனவே "ஸ்டென்ட் எனக்கு ஆயுளுக்கா, வலிக்கா?" என்று முன்கூட்டியே கேட்பது நியாயமான கேள்வி.

ஓட்டுநர் போய்க் கேட்டிருக்கிறார். ஆஞ்சியோ சொன்ன டாக்டரும் பொறுமையாகவே பதில் சொல்லியிருக்கிறார். ரெகவரி பக்கத்தை அவர் ஏற்கெனவே கவனித்திருந்தார். எழுதத்தான் நேரமில்லை. இருவரும் பேசி, முதலில் எக்கோவும் சிடி ஆஞ்சியோவும் என்று முடிவு செய்தார்கள். சிடியில் கையில் ஊசி போட்டு மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். அதற்கு முன் சிறுநீரகத்துக்காக கிரியாட்டினின் பார்க்க வேண்டும். சிடியில் தெரிந்தது இது: முக்கியமான ஒரு குழாயில் பாதிக்கும் குறைவான அடைப்பு, முதன்மைக் குழாயில் ஒன்றுமில்லை. ஸ்டென்ட் வைக்கவில்லை. கொழுப்புக்கு ஸ்டாட்டின் தொடங்கினார்கள், மெட்டோப்ரோலால் அளவைக் கூட்டினார்கள், சிகரெட்டை விடச் சொன்னார்கள். சிகரெட்டில் மட்டும் இன்னும் பேரம் நடக்கிறது.

அவர் என்னிடம் தனியாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "ரிசல்ட் வர்ற வரைக்கும் வண்டி ஓட்டலாமா?" மலைப்பாதை, இரவுச் சவாரி, பெட்டி தூக்குவது மூன்றையும் நிறுத்தச் சொன்னேன். ஓட்டும்போது இறுக்கம் வந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். சில நிமிடத்தில் விடவில்லை என்றால் 108. தானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போகக் கூடாது.

உங்கள் கணவருடைய தாள்களில் ரெகவரி பக்கங்களைத் தேடி எடுங்கள். எத்தனையாவது நிமிடத்தில், எதனால் நடையை நிறுத்தினார், அப்போது மாடியில் வந்த அதே அடைப்பு வந்ததா என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலை போட்ட மாத்திரைகளின் பெயரும் வேண்டும். எனக்கும் அனுப்புவதானால் எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள், பெயரும் போன் நம்பரும் உள்ள மூலையை மறைத்துவிட்டு.