பி-மதிப்பு 0.029 என்றால் பேக்கிங் மெஷினை நிறுத்த வேண்டுமா?

"மன்னார்குடி பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லில் தரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 26 கிலோ சிப்பத்துக்கு மெஷினை 26.060 கிலோவில் வைத்திருக்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 9 சிப்பம் எடுத்து நிறுத்துப் பார்ப்போம். நேற்று சராசரி 26.022 வந்தது. எக்செல் ஷீட்டில் பி 0.029 என்று காட்டியது. 'மெஷின் கெட்டிருக்க 97 சதவீதம் வாய்ப்பு, உடனே நிறுத்து' என்கிறார் முதலாளி. முந்தாநாள் 26.045 வந்து, பி 0.23 காட்டியது. 'அப்போ மெஷின் சரியாத்தான் இருக்கு' என்றார் ஆபரேட்டர் அண்ணன். யார் சொல்வது சரி சார்?"

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. ஆனால் இருவருக்கும் உள்ள கவலை நியாயமானது. அவை இரண்டு வேறு கவலைகள் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த 0.029 எங்கிருந்து வந்தது? உங்கள் ஷீட்டின் பழைய பதிவுகளில், மெஷின் ஒழுங்காக ஓடிய நாட்களிலும் சிப்பத்துக்குச் சிப்பம் எடை மாறியிருக்கும். அந்த மாறுபாட்டின் திட்ட விலக்கம் 60 கிராம் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் சொன்ன இரண்டு பி-மதிப்பும் சரியாக வருகின்றன. ஒரு சிப்பம் 60 கிராம் அளவில் ஆடினால் 9 சிப்பத்தின் சராசரி அவ்வளவு ஆடாது. 60-ஐ ஒன்பதின் வர்க்கமூலமான 3-ஆல் வகுத்தால் 20 கிராம். சராசரி ஆடும் அளவு அதுதான். நேற்றைய சராசரி செட்டிங்குக்குக் கீழே 38 கிராம், அதாவது 1.9 மடங்கு 20 கிராம். இதைத்தான் எக்செல் இப்படிக் கணக்கிடுகிறது:

```
=NORM.S.DIST(-1.9,TRUE)
```

விடை 0.0287. இதன் பொருள் இதுதான்: மெஷின் 26.060-இலேயே பிசகாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 9 சிப்பத்தின் சராசரி 26.022 அல்லது அதற்கும் கீழே விழ நூற்றில் மூன்றுக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு உண்டு. 'மெஷின் சரி' என்பது இந்தக் கணக்கின் தொடக்கத்திலேயே போட்ட அனுமானம். அனுமானமாகப் போட்ட ஒன்று உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை அதே கணக்கு திருப்பிச் சொல்ல முடியாது. முதலாளியின் 97 சதவீதம் இங்கேதான் தவறுகிறது.

அப்படியானால் மெஷின் பிசகியிருக்க உண்மையான வாய்ப்பு என்ன? அதற்கு இன்னொரு தகவல் வேண்டும்: உங்கள் மெஷின் பொதுவாக எத்தனை தடவைக்கு ஒருமுறை பிசகும்? 20 சோதனையில் ஒன்றின்போது உண்மையாகவே பிசகியிருக்கும், பிசகினால் 60 கிராம் இறங்கும் என்று எடுத்துக்கொள்வோம். பி 0.05-க்குக் கீழே போனால் அலாரம் என்று விதி வையுங்கள். 1,000 சோதனையில் 950 தடவை மெஷின் நன்றாக இருக்கும். அதில் 5 சதவீதம், சுமார் 48 தடவை, வீணாக அலாரம் அடிக்கும். மீதி 50 தடவை மெஷின் பிசகியிருக்கும். அதில் ஏறக்குறைய 46 பிடிபடும். மொத்தம் 94 அலாரத்தில் பாதிக்கு மேல் பொய். அதிலும் 0.029 போல வரம்பை ஒட்டி வரும் மதிப்புகளில் பொய்யின் பங்கு இன்னும் கூடும். ஏனென்றால் 60 கிராம் பிசகிய மெஷினாக இருந்திருந்தால் பெரும்பாலும் சராசரி இதைவிடக் கீழேயே வந்திருக்கும். உங்கள் மெஷின் அடிக்கடி பிசகுகிற பழைய மெஷினாக இருந்தால் கணக்கு மாறும். ஒரே பி-மதிப்புக்கு இரண்டு மில்லில் இரண்டு பொருள் இருக்க முடியும்.

நன்றாக ஓடும் மெஷினைப் பிசகியது என்று நிறுத்துவதுதான் முதல் வகைப் பிழை. இதன் செலவு அரை மணி நேர நிறுத்தமும் வாசலில் காத்திருக்கும் லாரியும் மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அதிகம் பயப்படுவது அடுத்து நடப்பதற்கு. சராசரி 38 கிராம் குறைவு என்று பார்த்த ஆபரேட்டர் செட்டிங்கை 38 கிராம் ஏற்றிவிடுவார். மெஷின் உண்மையில் சரியாக இருந்திருந்தால், அந்த நிமிடத்திலிருந்து ஒவ்வொரு சிப்பத்திலும் 38 கிராம் கூடுதலாகப் போகும். நாளைக்கு 1,000 சிப்பம் ஓட்டுகிற மில்லில் அது தினமும் 38 கிலோ அரிசி. அடுத்த சோதனையில் எடை கூடுதல் என்று பார்த்து மறுபடி இறக்குவார்கள். மெஷினில் இல்லாத ஆட்டத்தை நாமே உண்டாக்குவது இது. அதனால் அலாரம் அடித்தவுடன் செட்டிங்கில் கை வைக்கக் கூடாது. லோடு செல் மேல் தவிட்டுத் தூசி படிந்திருக்கிறதா, சோதனை எடைக்கல் வைத்தால் சரியாகக் காட்டுகிறதா என்று காரணத்தைத் தேட வேண்டும். காரணம் கிடைத்தால் அதைச் சரிசெய்யலாம்.

இப்போது ஆபரேட்டர் அண்ணனின் வாதத்துக்கு வருவோம். பிசகிய மெஷினைச் சரி என்று ஓட விடுவது இரண்டாம் வகைப் பிழை. பி 0.23 வந்தது மெஷின் சரி என்பதற்குச் சான்று ஆகாது. பிசகியது என்று சொல்லப் போதுமான சான்று இந்த 9 சிப்பத்தில் கிடைக்கவில்லை என்பதோடு அது நின்றுவிடுகிறது. எவ்வளவு பிசகினால் இந்தச் சோதனையின் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

0.05 விதிப்படி அலாரம் அடிக்கும் எல்லை, செட்டிங்குக்குக் கீழே 33 கிராம், அதாவது 26.027. மெஷின் உண்மையில் 30 கிராம் இறங்கி 26.030-இல் ஓடுகிறது என்று வையுங்கள். அப்போது 9 சிப்பத்தின் சராசரி 26.027-க்கு மேலேயே நிற்க சுமார் 56 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது பாதிக்கு மேல் தப்பிவிடும். 60 கிராம் இறங்கி 26.000-இல் ஓடினால் தப்புவது 9 சதவீதம்தான். ஆகவே 'இரண்டாம் வகைப் பிழை எவ்வளவு?' என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. எவ்வளவு கிராம் பிசகை விடக் கூடாது என்று முதலில் நீங்கள் சொல்ல வேண்டும்.

அதை எக்செல் சொல்லாது. மில்தான் முடிவுசெய்ய வேண்டும். பையில் 26 கிலோ என்று அச்சடித்திருக்கிறீர்கள். 60 கிராமைக் கூட்டி வைத்திருப்பது, சராசரி அந்த 26-க்குக் கீழே போய்விடக் கூடாது என்பதற்காக. 30 கிராம் இறங்கினால் பாதுகாப்புக்கு வைத்ததில் பாதி போகிறது. சராசரியில் வாடிக்கையாளருக்குக் குறைவு இல்லை. 60 கிராம் இறங்கினால் முழுதும் போய்விடுகிறது. எடையளவுத் துறை அதிகாரி கிடங்கில் வந்து நிறுத்தால் பதில் சொல்ல இடமிருக்காது. ஆகவே உங்கள் நிலையில் விடக் கூடாதது 60 கிராம் பிசகு என்பேன். அதற்கு 9 சிப்பம் நல்ல அளவு. 30 கிராமையும் இதே உறுதியோடு பிடிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் 36 சிப்பம் நிறுக்க வேண்டும். பாதிப் பிசகைப் பிடிக்க நான்கு மடங்கு சிப்பம். அந்த ஆள் கூலி அதற்குத் தகுமா என்பதை முதலாளியிடம் கேளுங்கள்.

எல்லையை மட்டும் தள்ளிவைத்தால் ஒரு பிழை குறையும், மற்றது கூடும். அமெரிக்கப் பொறியாளர் ஷூவார்ட் 1924-இல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபட முறையில் எல்லை அந்த 20 கிராமைப் போல 3 மடங்கு தள்ளி, அதாவது 26.000-இல் நிற்கும். வீண் அலாரம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும். ஆனால் 60 கிராம் பிசகு ஒவ்வொரு சோதனையிலும் பாதிக்குப் பாதி தப்பும்.

இரண்டுக்கும் நடுவே, உங்களுக்கு நான் சொல்லும் வழி மறுசோதனை. சராசரி 26.027-க்குக் கீழே வந்தால் மெஷினை நிறுத்தாமல், உடனே புதிதாக 9 சிப்பம் எடுங்கள். அந்தப் புது ஒன்பதின் சராசரியும் 26.027-க்குக் கீழே வந்தால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். மெஷின் சரியாக இருந்தால் இரண்டு தடவையும் வீணாக அலாரம் அடிக்க வாய்ப்பு நானூறில் ஒன்று. 60 கிராம் பிசகு இந்த விதியில் தப்ப சுமார் 17 சதவீதம். இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த சோதனையிலும் தப்ப 3 சதவீதம்தான். நேற்று இதைச் செய்திருந்தால் முதலாளிக்கும் ஆபரேட்டருக்கும் வாக்குவாதம் வந்திருக்காது.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மறுசோதனை ஒரே ஒரு தடவை. எத்தனை சிப்பம் என்பதும் முன்கூட்டியே முடிவானதாக இருக்க வேண்டும். 'இன்னும் ரெண்டு போட்டுப் பார்ப்போம்' என்று 0.05-க்குக் கீழே போகும்வரை சிப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால், நன்றாக ஓடும் மெஷினும் என்றாவது குற்றவாளியாகிவிடும். மேலே போகும்வரை கூட்டினால் பிசகிய மெஷின் தப்பிவிடும்.

இரண்டு விஷயங்களை உங்கள் ஷீட்டில் சரிபாருங்கள். நேற்றைய 0.029, எடை குறைந்ததா என்று ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் கணக்கு. குறைந்தாலும் கூடினாலும் கேள்வி என்று இரு பக்கமும் பார்த்தால் அதே 9 சிப்பத்துக்கு 0.057 வரும். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு எந்தக் கணக்கு என்று தேர்ந்தெடுத்தால் 0.05 எல்லைக்குப் பொருளே இல்லை. எந்தக் கேள்வி என்பதைச் சோதனைக்கு முன்பே ஷீட்டில் எழுதிவையுங்கள்.

அடுத்தது சிப்பத்தை எடுக்கும் முறை. மெஷினிலிருந்து அடுத்தடுத்து வரும் 9 சிப்பத்தை அப்படியே எடுக்கிறீர்களா? ஹாப்பர் நிரம்பியிருக்கும்போது விழும் அரிசியின் வேகமும் காலியாகும்போது விழும் வேகமும் ஒன்றில்லை. அடுத்தடுத்த சிப்பங்கள் ஒரே பக்கமாகச் சாயும். அப்போது சராசரியின் ஆட்டம் 20 கிராமைவிடப் பெரிது. ஷீட் அதை 20 என்றே நினைத்து, பி-மதிப்பை உள்ளதைவிடச் சிறிதாகக் காட்டும். பத்துச் சிப்பத்துக்கு ஒன்று என்று விட்டு விட்டு எடுங்கள். ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் நேரத்தையும் குறியுங்கள். ஹாப்பர் நிரப்பிய நேரங்களோடு ஒத்துப் பார்த்தால், குறைந்த எடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.