விற்க முடியாத டோக்கன் வாலட்டில் வந்து விழுந்தால்

கேள்வி: வணக்கம் சார். புது வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். நான் வாங்காத ஒரு டோக்கன் 12,000 என் கிரிப்டோ வாலட்டில் வந்திருக்கிறது, மதிப்பு 9,600 டாலர் என்று காட்டுகிறது. டோக்கன் மாற்றும் தளமான பான்கேக்ஸ்வாப்பில் விற்கப் பார்த்தேன், ஃபெயில் ஆகிறது. டோக்கன் பெயரிலேயே ஒரு வெப்சைட் இருக்கிறது, அங்கே போய் கிளெய்ம் செய்தால் விற்கலாம் என்கிறான் மச்சான். அதே வாலட்டில் 640 யுஎஸ்டிடி வைத்திருக்கிறேன். போகலாமா?

பதில்: போகாதீர்கள். மச்சானையும் போக விடாதீர்கள். அந்த 12,000 டோக்கனை வைத்து அவர்கள் குறி வைப்பது, ஒன்று ஏறக்குறைய ஒரு டாலர் பெறும் உங்கள் 640 யுஎஸ்டிடியைத்தான்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். டோக்கன் வந்து விழுந்ததால் மட்டும் உங்கள் வாலட் ஹேக் ஆகிவிடவில்லை. உங்கள் முகவரி தெரிந்த யாரும் எதையும் அனுப்பலாம். பெறுவதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. உண்மையில் அந்த டோக்கன் உங்கள் போனுக்குள்ளும் வரவில்லை. அதை உருவாக்கியவர் பிளாக்செயினில் எழுதி வைத்த கான்ட்ராக்ட் என்ற நிரலில் உங்கள் முகவரிக்கு நேராக 12,000 என்று ஒரு கணக்கு எழுதியிருக்கிறார், வாலட் ஆப் அதைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அனுப்பியவர் என்று பெரிய எக்ஸ்சேஞ்சின் முகவரி தெரிந்தாலும் நம்ப வேண்டாம். "இன்னாரிடமிருந்து இன்னாருக்குப் போனது" என்ற பதிவையும் அதே கான்ட்ராக்ட்தான் வெளியிடுகிறது. எந்த முகவரியை வேண்டுமானாலும் அதில் போடலாம்.

அப்படியானால் 9,600 டாலர் எங்கிருந்து வந்தது? இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆசாமி 1,000 டோக்கனையும் சொந்தக் காசு 800 யுஎஸ்டிடியையும் போட்டு, ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கும் பூல் ஒன்றைத் திறக்கிறார். உடனே ஒரு டோக்கனின் விலை 0.80 டாலர் என்று ஆகிவிடுகிறது. ஆப் அதை உங்கள் 12,000 ஆல் பெருக்கிக் காட்டுகிறது. பூலில் இருப்பதே 800 தான். விற்க அனுமதி இருந்து நீங்கள் மொத்தத்தையும் கொட்டினாலும், பூலின் கணக்குப்படி கைக்கு வருவது சுமார் 738. அதுவும் உங்களுக்கு முன்னால் யாரும் விற்றிருக்கக் கூடாது.

ஆனால் விற்க விடமாட்டார்கள். அந்தக் கான்ட்ராக்ட்டைத் திறந்தால், டோக்கனை நகர்த்தும் இடத்தில் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு வரி இருக்கும்:

```
require(from == owner, "Visit our site to unlock");
```

அனுப்புகிறவர் உரிமையாளர் என்றால் போகும், வேறு யார் என்றாலும் நின்றுவிடும். அதனால்தான் உங்களுக்கு அனுப்ப அவரால் முடிந்தது, உங்களால் யாருக்கும் அனுப்ப முடியவில்லை. மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாசகத்தைக் கவனியுங்கள். வேறு வாலட்டுக்கு அனுப்பிப் பார்த்து அது ஃபெயில் ஆனால், பரிவர்த்தனைகளைக் காட்டும் பிஎஸ்சிஸ்கேன் தளத்தில் பிழைச் செய்தியாக வருவது இதுதான். நெட்வொர்க்கே வழி சொல்வது போலத் தோன்றும், எழுதியது மோசடிக்காரர்.

பான்கேக்ஸ்வாப்பில் முயன்றீர்களே, அதனால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். அங்கே நீங்கள் `approve` என்ற அனுமதியைக் கொடுத்தது அந்தக் குப்பை டோக்கனுக்கு மட்டும். யுஎஸ்டிடிக்கு அதனால் ஆபத்தில்லை, கேஸ் என்ற நெட்வொர்க் கட்டணத்துக்குக் கொஞ்சம் பிஎன்பி காயின் போயிருக்கும். ஆனால் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். சில கான்ட்ராக்ட்டுகள் `approve` அழுத்தும்போதே வேண்டாத வேலைகளைச் செய்து கேஸை இழுக்கும்படி எழுதப்பட்டிருக்கின்றன. வேறு முகவரிக்கு அனுப்பித் தொலைத்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

உண்மையான ஆபத்து அந்த வெப்சைட்டில். வாலட்டை கனெக்ட் செய்யச் சொல்வார்கள். அந்தப் படியில் அவர்கள் உங்கள் முகவரியையும் அதில் என்ன இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள், பணம் போகாது. அடுத்து "கிளெய்ம்" என்று ஒரு பட்டன். அதை அழுத்தியதும் வாலட்டில் எழும் திரையில் அந்தப் புது டோக்கனின் பெயர் இருக்காது, யுஎஸ்டிடி இருக்கும். "இந்த முகவரி உங்கள் யுஎஸ்டிடியை எடுத்துக்கொள்ள அனுமதி, அளவு: `Unlimited`" என்பதுதான் அதன் பொருள். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் போன்றது அது. சில டோக்கன்களில் `Permit` என்ற வெறும் கையொப்பமே இந்த வேலையைச் செய்துவிடும், அதற்கு கேஸும் வேண்டாம். "வாலட்டில் பிஎன்பியே இல்லை, அதனால் ஒன்றும் ஆகாது" என்று இருப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி என்னிடம் வந்தார். இதே மாதிரி டோக்கன், இதே மாதிரி கிளெய்ம். அழுத்திய அன்று அவர் வாலட்டில் இருந்தது 4 யுஎஸ்டிடி. ஒன்றும் போகவில்லை. "ஏமாத்து சைட்தான், ஆனா என்கிட்ட எதுவும் எடுக்கலை" என்று நினைத்து, ஆப்பில் டிஸ்கனெக்ட் செய்துவிட்டு மறந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஒருவர் தர வேண்டிய 500 யுஎஸ்டிடி வந்தது. சில நிமிடங்களில் 504 யுஎஸ்டிடியும் வெளியே போய்விட்டது. அன்று அவர் எதையுமே அழுத்தவில்லை. அவர் முன்பு கொடுத்த அனுமதி யுஎஸ்டிடியின் கான்ட்ராக்ட்டில் அப்படியே இருந்தது. டிஸ்கனெக்ட் செய்தாலும், ஆப்பை அழித்தாலும், போனையே மாற்றினாலும் அது போகாது. அதை ரத்து செய்ய தனியாக ஒரு பரிவர்த்தனை செய்ய வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்தப் பணம் அவரிடம் இருந்திருக்கும் என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. டோக்கனை வாலட் ஆப்பில் மறைத்து வையுங்கள். அது திரையை மட்டும் மாற்றுகிறது, கான்ட்ராக்ட்டைத் தொடுவதில்லை. பிறகு bscscan.com/tokenapprovalchecker என்று நீங்களே டைப் செய்து போய் உங்கள் முகவரியைப் போடுங்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரத்தில் போலித் தளங்கள் வருவதுண்டு. யுஎஸ்டிடிக்கு நேரே உங்களுக்குத் தெரியாத முகவரி இருந்தால், வாலட்டை அங்கே கனெக்ட் செய்து `Revoke` கொடுங்கள். அதற்குச் சிறிது பிஎன்பி வேண்டும். ரத்து செய்யும்வரை அந்த வாலட்டில் புதிதாகப் பணம் போடாதீர்கள்.

எங்காவது 12 வார்த்தை சீட் ஃப்ரேஸை டைப் செய்திருந்தால் கதை வேறு. ரத்து செய்வதில் பயனில்லை, சாவியே அவர்கள் கையில் இருக்கிறது. புது சீட் ஃப்ரேஸோடு புது வாலட் உருவாக்கி, 640 யுஎஸ்டிடியை உடனே அங்கே மாற்றுங்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் பரிவர்த்தனையின் அடையாள எண்ணான ஹேஷை எடுத்து வைத்துக்கொண்டு 1930க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். அந்த நேரத்தில் "மீட்டுத் தருகிறேன்" என்று டெலிகிராமில் யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

மச்சான் இவ்வளவு விவரமாக வழி சொல்வதால் கேட்கிறேன்: அவருக்கும் இந்த டோக்கன் வந்து, அவர் ஏற்கெனவே அங்கே கிளெய்ம் அழுத்தியிருக்கிறாரா? அப்படியென்றால் இன்றைக்கே அவர் முகவரியையும் பிஎஸ்சிஸ்கேன் தளத்தில் போட்டுப் பாருங்கள்.