கம்ப்ரசர் நோட்: பேபேக் எது சரி?

"புது வி.எஃப்.டி. கம்ப்ரசர் 12 லட்சம், கரண்ட் மிச்சம் வருடம் 6 லட்சம். நான் 2 வருடம் என்று எழுதினேன், அக்கவுண்டன்ட் 2.9 என்கிறார். முதலாளிக்கு எதைக் காட்ட?"

பேபேக் என்பது போட்ட பணம் திரும்ப வரும் காலம், 2 வருடத்தையே காட்டுங்கள். அவர் 15% தேய்மானம் 1.8 லட்சத்தை மிச்சத்தில் கழித்திருப்பார், 12-ஐ 4.2-ஆல் வகுத்தால் அதே 2.9 வரும். தேய்மானம் கையைவிட்டுப் போகும் பணமில்லை, பேபேக்கில் கழிக்கக் கூடாது.

எனக்கு அந்த 6 லட்சம்தான் இடிக்கிறது. சப்ளையர் தந்த கணக்கா? பழைய மெஷின் பேனலில் ரன்னிங் ஹவர், லோடு ஹவர் இரண்டையும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். வித்தியாசம்தான் காற்று தராமல் மோட்டார் சும்மா ஓடும் அன்லோடு நேரம், மிச்சம் பெரும்பாலும் அதில்தான். அது குறைவாக இருந்தால் 6 லட்சம் வராது.

அப்புறம், ஜி.எஸ்.டி. கிரெடிட் எடுக்க முடியாவிட்டால் விலை 14.16 லட்சம். பைப், கேபிள் செலவு தனி.