முப்பதாம் வினாவின் உம்மை

மதிப்பிற்குரிய ஐயா,

கைபேசியில் படமெடுத்து அனுப்பப்படும் ஆங்கில வினாத்தாள்களைத் தமிழாக்கும் வேலையை இவ்வாண்டு என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். தட்டச்சு செய்யும்போது வினா எண்களும் வலப்புற மதிப்பெண்களும் இடம் பெயர்ந்துவிடுகின்றன. இதற்கு என்ன வழி? ‘நிறுவுக’ என்பதை மாணவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ‘விளக்குக’ என மாற்றினால் தவறாகுமா? நான்கு பக்கங்களின் படங்களையும் இணைத்துள்ளேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

எண், வினா, மதிப்பெண் என்று மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை போட்டு, அதன் கோடுகளை மறைத்துவிடுங்கள், எதுவும் நகராது. எழுத்துருவைப் பற்றிய கவலையை அச்சகத்தாரிடம் விட்டுவிடலாம்.

‘நிறுவுக’ என்பதைத் தொடாதீர்கள். உங்கள் பரிவு புரிகிறது. ஆனால் இந்தப் பரிவு மாணவனைக் கெடுக்கும். திருத்துபவரின் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் படிப்படியாக மதிப்பெண் பிரித்துப் போடப்பட்டிருக்கும். ‘விளக்குக’ என்ற சொல்லை நம்பி அரைப்பக்கம் உரைநடையாக எழுதிய மாணவனுக்கு அங்கே ஒரு படிக்குக்கூட மதிப்பெண் கிடைக்காது. வினாவை எளிதாக்கும் உரிமை வினா அமைத்தவருக்கே உண்டு, உங்களுக்கு இல்லை.

இவ்வளவு கடுமையாகச் சொல்லும் நான் இதைவிடச் சிறிய இடத்தில் சறுக்கியவன். பல ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இப்படித்தான் படங்கள் வந்தன. இரண்டாம் பக்கத்தை எடுத்தவர் தாளைச் சற்றுச் சாய்த்துப் பிடித்ததால் அதன் வலது ஓரம் படத்தில் விழவில்லை. அந்தப் பக்கத்தில் 21 முதல் 30 வரை பத்து வினாக்கள் இருந்தன. எவையேனும் ஏழுக்கு விடையளிக்க வேண்டும், வினா எண் 30 கட்டாயம் என்று மேலே இரண்டு குறுவாக்கியங்கள் இருந்தன. இரண்டாவது வாக்கியம் தமிழில் மொட்டையாக நிற்பதுபோல் எனக்குப் பட்டது. ஆகவே, ‘30ஆம் வினாவிற்கும் கட்டாயமாக விடையளிக்கவும்’ என்று ஓர் ‘உம்’ சேர்த்துச் செப்பனிட்டேன். தேர்வறையில் தமிழ்த்தாள் வாங்கியவர்களில் பலர், ஏழு வினாக்களுக்கு விடையெழுதியபின் அதற்கு மேலாக முப்பதையும் எழுதினார்கள். எட்டாவது விடைக்கு மதிப்பெண்ணும் இல்லை, அதற்குச் செலவான நேரமும் திரும்பி வரவில்லை.

உம்மைக்கு நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது. அவற்றுள் இரண்டு, வினாத்தாளின் குறிப்புரைக்குள் புகுந்தால் கணக்கையே மாற்றிவிடும். ‘30க்கும்’ என்பது எச்சவும்மை: முன்னே சொன்னதோடு இதுவும் என்று ஒன்றைக் கூட்டிவிடும். ‘நான்கு வினாக்களுக்கும் விடையளிக்கவும்’ என்பது முற்றும்மை: அங்கே இருப்பதே நான்குதான், ஒன்றையும் விடக்கூடாது என்று பொருள்படும். ஆறு வினாக்களைக் கொடுத்து நான்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில் இந்த உம்மை வந்தால், மாணவன் முதல் நான்கை மட்டும் எழுதிவிட்டுப் போகக்கூடும். ‘எவையேனும் நான்கு வினாக்களுக்கு’ என்று உம்மையில்லாமல் நிறுத்துவதே தேர்வுரிமையைக் காக்கும். ‘அனைத்து வினாக்களுக்கும்’ என்னும்போதோ அதே உம்மை கட்டாயம் வேண்டும். நம் காதுக்கு ஓசை நிறைவாக இருக்கிறதே என்பதற்காக அதைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

அன்று என்னைத் தடுத்திருக்கக்கூடிய சான்று என் மேசையிலேயே கிடந்தது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. முதல் பக்கத்தின் தலைப்பில் மொத்த மதிப்பெண்கள் 90 என்று தெளிவாக இருந்தது. மற்ற மூன்று பகுதிகளின் ஓரங்களில் 20 × 1 = 20, 7 × 3 = 21, 7 × 5 = 35 என்ற கணக்குகள் இருந்தன; கூட்டினால் 76. வெட்டுப்பட்ட பகுதிக்கு மிஞ்சுவது 14. ஏழு வினாக்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், சரியாகப் பொருந்துகிறது. எட்டு என்றால் 14 முழு எண்ணாக வகுபடவே இல்லை. வினாவுக்கு 2 என்று வைத்தாலும் மொத்தம் 92 ஆகிவிடும். முப்பதாம் வினா ஏழுக்குள் அடங்கியது என்பதை ஆங்கில வாக்கியம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லவில்லை, இந்தக் கூட்டல் சொன்னது. நான் கூட்டிப் பார்க்கவில்லை.

அதனால் இப்போதெல்லாம் ஒரு சொல்லைக்கூடத் தமிழாக்குமுன் வினா எண்களையும் மதிப்பெண்களையும் மட்டும் தனித்தாளில் எழுதிக் கூட்டுகிறேன். தலைப்பில் உள்ள மொத்தத்தோடு அது ஒத்துப்போன பிறகே குறிப்புரைகளில் கைவைக்கிறேன். ஒத்துப்போகாவிட்டால் படத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது நான் ஒரு குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். கூட்டலுக்குப் பிறகும் குறிப்பு இருபொருள் பட்டால் நானாக ஒரு பொருளை முடிவுசெய்வதில்லை. வினா அமைத்தவரைக் கேட்டு, இரண்டு மொழித்தாள்களிலும் ஒரே திருத்தத்தைச் செய்யச் சொல்லுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படங்களையும் அப்படியே கூட்டிப் பார்த்தேன். மொத்தத்துக்கு ஐந்து குறைகிறது. மூன்றாம் பக்கத்தின் அடியில், தாள் மடிந்த நிழலுக்குள், ‘அல்லது’ என்பதற்குக் கீழே ஒரு வினா பாதி மறைந்து கிடக்கிறது. அதன் மதிப்பெண்ணும் அங்கேதான் இருக்க வேண்டும். தாளைத் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது வரும்வரை தமிழாக்கத்தைத் தொடங்க வேண்டாம்.