கேட்பவருக்கான கட்டுரை

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரியில் இருக்கிறேன், கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஜூலையில் உதகையில் நடக்கும் கருத்தரங்கில் மலேரியா மருந்துக்காக நீலகிரியில் வளர்த்த சின்கோனா மரத் தோட்டங்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்கப்போகிறேன். 20 நிமிடம் தந்திருக்கிறார்கள். வீட்டில் உரக்கப் படித்துக்காட்டினேன். இரண்டாம் பக்கத்திலேயே என் கணவர், "எல்லாம் சரியா இருக்கு, ஆனா யாரு என்ன செஞ்சாங்கன்னு பிடிபடல" என்றார். எளிமையாக்கினால் ஆய்வின் கனம் குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கட்டுரையில் மூன்று பகுதிகள்: முந்தைய ஆய்வுகள், மரத்தின் கதை, தோட்டத்தில் வேலை செய்த நடுவட்டத்துச் சிறைக் கைதிகளின் கதை. அதிலிருந்து ஒரு பத்தியை இணைத்திருக்கிறேன். இதை எப்படி மாற்றுவது?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய பத்தியிலிருந்து ஒரு வாக்கியத்தை முதலில் இங்கே எடுத்து வைக்கிறேன்.

"1860ஆம் ஆண்டுவாக்கில் கிளமென்ட்ஸ் மார்க்கம் தலைமையிலான குழுவினரால் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் சேகரிக்கப்பட்டு நீலகிரிக்கு அனுப்பப்பட்ட சின்கோனாவை, 1848 முதல் உதகைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்துவந்த வில்லியம் கிரகாம் மக்ஐவர், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டதோடு, மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றுகளாக உரித்து அவ்விடத்தைப் பாசியால் மூடி மீண்டும் பட்டை வளரச்செய்யும் முறையையும் உருவாக்கினார்."

அச்சில் இதற்கு ஒரு குறையும் இல்லை. கண் தடுமாறினால் மேலே போய் 'மக்ஐவர்' எங்கே என்று பார்த்துக்கொண்டு திரும்பி வந்துவிடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. அரங்கில் இருப்பவர் மார்க்கம் என்ற பெயரைக் கேட்டதும் கதை அவருடையது என்று நினைக்கிறார். 'அனுப்பப்பட்ட' வரும்போதுதான் பேச்சு மரத்தைப் பற்றியது என்று தெரிகிறது. மரத்தைப் பிடித்துக்கொண்டால் உடனே 1848 வருகிறது, யாருடைய 1848 என்று தெரியாது. மக்ஐவர் வருவதற்குள் மார்க்கம் மறந்துபோகிறார். மக்ஐவர் செய்த பெரிய காரியம் என்ன என்பது கடைசிச் சொல்லில்தான் முடிகிறது. உங்கள் கணவர் சொன்னது இதைத்தான்.

நீளமான வாக்கியம் என்பதால் மட்டும் இந்தச் சிக்கல் வரவில்லை. நம் மொழியில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததை வினையெச்சங்களாக அடுக்கினால் காது சிரமமில்லாமல் பின்தொடரும். 'பட்டையை உரித்து, பாசியால் மூடி, புதுப் பட்டை வரும்வரை காத்திருந்தார்' என்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. நடந்த வரிசையும் சொல்லின் வரிசையும் ஒன்றாகவே போகின்றன. நம் பாட்டிகள் கதை சொன்னதே இப்படித்தான். தொல்லை கொடுப்பது பெயரெச்ச அடுக்கு. 'சேகரிக்கப்பட்டு அனுப்பப்பட்ட' சின்கோனா, 'பொறுப்பில் இருந்துவந்த' மக்ஐவர், 'வளரச்செய்யும்' முறை என்று யாரை, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லாமலே அதைப் பற்றிய விவரங்களை முதலில் அடுக்குகிறோம். கேட்பவர் அத்தனையையும் கையில் தூக்கிக்கொண்டு பெயர் வரக் காத்திருக்க வேண்டும். ஆகவே கத்தரி வைக்க வேண்டிய இடம் பெயரெச்சம். பெயரை முதலில் சொல்லுங்கள், விவரத்தைத் தனி வாக்கியமாக்குங்கள்.

உங்கள் வாக்கியத்தை நான் மேடைக்கு எழுதினால் இப்படி எழுதுவேன்:

"முதலில் மரத்தின் கதை. சின்கோனா நம் ஊர் மரம் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளர்ந்த மரம். அதன் பட்டையிலிருந்துதான் கொய்னா எடுத்தார்கள். மலேரியாவுக்கு அன்றைக்கு அதுதான் மருந்து. 1860வாக்கில் கிளமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஒரு குழு ஆண்டிஸுக்குப் போனது. சின்கோனா விதைகளையும் கன்றுகளையும் சேகரித்து நீலகிரிக்கு அனுப்பியது. இங்கே அவற்றை வளர்க்கும் பொறுப்பு வில்லியம் கிரகாம் மக்ஐவரிடம் வந்தது. உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய அதே மக்ஐவர். தொட்டபெட்டாவில் நட்டார், நடுவட்டத்தில் நட்டார். மரம் பிடித்துக்கொண்டது.

இப்போது மக்ஐவருக்கு ஒரு சிக்கல். மருந்து இருப்பது பட்டையில். பட்டைக்காக மரத்தை வெட்டினால் மறுபடி நட்டு, வளரும்வரை பல வருடம் காத்திருக்க வேண்டும். மக்ஐவர் மரத்தை வெட்டவில்லை. பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். பாசிக்கு அடியில் புதுப் பட்டை வளர்ந்தது. அந்தப் புதுப் பட்டையில் மருந்துச் சத்தும் கூடுதலாக இருந்தது."

இதில் ஆய்வின் கனம் எங்கேயும் குறையவில்லை என்பதைப் பாருங்கள். ஆளும் இடமும் ஆண்டும் முறையும் இருக்கின்றன. விட்டது 1848 ஒன்றைத்தான். அது கட்டுரையில் இருக்கட்டும், கருத்தரங்க மலரில் அச்சாகும். காதுக்கு ஒரு பத்தியில் ஓர் ஆண்டு போதும். அதற்குப் பதிலாக, சிக்கல் என்ன என்பதை வெளிப்படையாகச் சொல்லும் வரிகள் சேர்ந்திருக்கின்றன. உங்கள் மூலத்தில் அந்தக் காரணம் 'மரத்தை வெட்டாமல்' என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. படிப்பவர் நின்று யோசித்து எடுத்துக்கொள்வார், கேட்பவருக்கு நிற்க நேரமில்லை. மொத்தத்தில் உரை நீளும். அதனால் கட்டுரை முழுவதையும் 20 நிமிடத்துக்குள் கொண்டுவர முடியாது. உங்கள் மூன்று பகுதிகளில் முந்தைய ஆய்வுகளைப் பேசும் பகுதியை எடுத்துவிட்டு, மரத்தையும் நடுவட்டத்துச் சிறையையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

'மரத்தை வெட்டவில்லை' என்று தனி வாக்கியம் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் வினையும் எதிர்மறையும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. நீளமான வாக்கியத்தைப் படிக்கும்போது நம் மூச்சு முடிவதும் குரல் இறங்குவதும் அதே இடத்தில்தான். 'வெட்டினார்' என்றாரா 'வெட்டவில்லை' என்றாரா என்பது பின்வரிசைக்கு எட்டாது. அதிலும் ஜூலை மாதத்து உதகையில், தகரக் கூரை போட்ட அரங்கு அமைந்து மழையும் பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். சிறிய வாக்கியமாக இருந்தால் கடைசிச் சொல்லுக்கும் மூச்சு மிச்சமிருக்கும்.

மேற்கோள்களுக்கும் இதே நிலைதான். ஆவணத்திலிருந்து நான்கு வரி படித்துவிட்டுக் கடைசியில் 'என்று மக்ஐவர் எழுதுகிறார்' என்கிறோம். அதுவரை கேட்பவர் அதை உங்கள் கருத்தாகவே எடுத்துக்கொண்டிருப்பார். 'மக்ஐவர் எழுதியதைப் படிக்கிறேன்' என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் ஒரு கணம் நிறுத்தி, 'இது மக்ஐவர் சொன்னது, இனி நான் சொல்வது' என்று எல்லை போடுங்கள். அச்சில் மேற்கோள்குறி செய்யும் வேலையை இங்கே நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் வழிகாட்டி வரிகள். கட்டுரையில் துணைத்தலைப்பும் பத்தி இடைவெளியும் இருக்கின்றன, அரங்கில் அவை யாருக்கும் தெரியாது. தொடக்கத்திலேயே, 'இரண்டு கதைகள் சொல்லப்போகிறேன். ஒன்று மரத்தின் கதை, மற்றொன்று அந்தத் தோட்டத்தில் வேலை செய்த கைதிகளின் கதை' என்று சொல்லிவிடுங்கள். திருப்பத்தில் வெறுமனே 'அடுத்ததாக' என்றால் போதாது. எது முடிந்தது, எது தொடங்குகிறது என்று இரண்டையும் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்: "மரத்தின் கதை இத்துடன் முடிந்தது. அந்த மரத்தை வளர்த்த கைகள் யாருடையவை? இனி அந்தக் கதை. நடுவட்டத்தில் ஒரு சிறை இருந்தது. அங்கே சீனக் கைதிகள் இருந்தார்கள். மலாக்கா நீரிணைப் பக்கத்து ஆங்கிலக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். சின்கோனாத் தோட்டத்தில் அவர்களை வேலைக்கு விட்டார்கள்." நடுவில் கவனம் சிதறியவர்கூட இந்த இடத்தில் மறுபடி வந்து சேர்ந்துகொள்ளலாம். இந்தக் கேள்வி வாக்கியத்தை ஒரு பகுதிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திக்குப் பத்தி 'ஏன்? எப்படி?' என்று கேட்டால் அரங்கு வகுப்பறையாகிவிடும், மூத்த ஆய்வாளர்கள் முகம் சுளிப்பார்கள்.

'மேற்கூறிய', 'பின்வரும்', 'முன்னது', 'பின்னது' எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். மேலும் கீழும் தாளில்தான் இருக்கின்றன. 'அவர்', 'அது' என்பவற்றையும் குறைத்து, பெயரையே திரும்பச் சொல்லுங்கள். 'மக்ஐவர், மக்ஐவர்' என்று நாலு தரம் வந்தால் எழுத்தில் உறுத்தும், காதில் உறுத்தாது. மார்க்கம், மக்ஐவர் என்று மகர வரிசையில் தொடங்கும் இரண்டு பெயர்கள் இருக்கும்போது 'அவர்' என்பது ஆபத்தும்கூட.

அதே சமயம் எல்லா வாக்கியத்தையும் மூன்று நான்கு சொல்லாக நறுக்கிவிடாதீர்கள். தந்தி வாசிப்பதுபோல ஆகி, எது முக்கியம் என்றே தெரியாமல் போகும். 'தொட்டபெட்டாவில் நட்டார்' போன்ற குறுகிய வாக்கியங்களுக்கு நடுவே, கீற்று உரித்துப் பாசி கட்டும் நீண்ட வாக்கியம் ஒன்று வரும்போதுதான் அந்தச் செயலுக்கு எடை கூடுகிறது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கைப்பேசியில் பதிவுசெய்து, தாளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். படிக்கும்போது மூச்சு வாங்கிய இடம், 'அவர் யார்?' என்று உங்களுக்கே ஒரு கணம் தோன்றிய இடம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியவை பெரும்பாலும் அவைதாம். பிறகு, இதுவரை கேட்காத ஒருவருக்குப் படித்துக்காட்டுங்கள். உங்கள் கணவருக்குக் கதை தெரிந்துவிட்டதால் அவர் இனி பயன்பட மாட்டார். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'மக்ஐவர் என்ன செய்தார், சொல்லுங்கள்' என்று கேளுங்கள். பாசி கட்டியதைச் சொல்லிவிட்டால் அந்தப் பகுதி தேறிவிட்டது.

மேடைக்கான பிரதியைப் பெரிய எழுத்தில், ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று மடித்து அச்செடுங்கள். எந்த வாக்கியமும் பக்கம் தாண்டிப் போகக் கூடாது. காலை அமர்வு நீண்டு உங்கள் 20 நிமிடம் 12 ஆகிவிடுவது நம் கருத்தரங்குகளில் சாதாரணம். எதை விடுவது என்று இப்போதே முடிவு செய்து அந்தப் பத்திகளின் ஓரத்தில் கோடு போட்டு வைத்திருங்கள். மார்க்கம் குழுவின் பயணத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். பாசியையும் நடுவட்டத்துக் கைதிகளையும் விடாதீர்கள், அவைதாம் உங்கள் ஆய்வு. அமர்வுத் தலைவர் துண்டுச் சீட்டு நீட்டியதும் வேகமாகப் படிக்கத் தொடங்காமல், கோடு போட்ட பத்தியைத் தாண்டி அடுத்த வழிகாட்டி வரியிலிருந்து அதே நிதானத்தில் தொடருங்கள்.

அன்புடன்.